மணல் ஓவியம்: காட்சி மாறும் இடத்தில் சிக்கல் வந்தால் எங்கே பார்ப்பது?

ஒளிப்பெட்டியின்மேல் மணலைத் தூவி ஒரு படம் வரைந்து முடிப்பதில் பெரிய சிக்கல் எதுவும் வருவதில்லை. அந்தப் படம் அடுத்த படமாக மாறும் ஐந்தாறு வினாடிகளில்தான் எல்லாச் சிக்கலும் வருகிறது. திரை திடீரென்று வெளுக்கும், பழைய படம் லேசாகத் தெரிந்துகொண்டே இருக்கும், மணல் தேவையான பக்கத்தில் இருக்காது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மணிவிழாக்களிலும் கல்யாணங்களிலும் வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் மேசை போட்டு மணல் ஓவியம் செய்பவர்களையும், புதிதாகக் கற்றுக்கொள்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு வரும் அறிகுறியைப் பார்த்து அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

நான் சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த மேசைக்கு உரியவை: 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் கொண்ட 5 மி.மீ. கண்ணாடி. அதன் அடியில் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு. தகட்டுக்குக் கீழே 12 முதல் 15 செ.மீ. இடைவெளி விட்டு, மஞ்சள் சாயல் உள்ள 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை விளக்குகள். மேலே நேர் கீழாகப் பார்க்கும் கேமரா, அதிலிருந்து புரொஜெக்டர். உங்கள் மேசை சிறியது என்றால் அளவுகளை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை: கோளாறு கண்ணாடியிலா, திரையிலா?

எந்த மாற்றம் சரியாக வரவில்லையோ அதை மட்டும் ஒருமுறை செய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று கண்ணாடியை மட்டும் பார்க்கட்டும். அதே நேரம் கேமராவிலும் பதிவாகட்டும். கண்ணாடியில் நன்றாக இருந்து திரையில் மட்டும் கெட்டிருந்தால் கோளாறு விளக்கிலோ கேமராவிலோ இருக்கிறது. மணலைத் தொட வேண்டாம். கண்ணாடியிலேயே கெட்டிருந்தால் கேமராவை விட்டுவிட்டு மணல், அதன் அளவு, காட்சித் திட்டம் என்று வரிசையாகப் பாருங்கள். இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

அறிகுறி: துடைத்ததும் திரை பளீரென்று வெளுக்கிறது, மணல் தூவியதும் கறுப்பு சாம்பலாகிறது

இது திரையில் மட்டும் தெரியும் கோளாறு. காரணம், கேமரா தானாக வெளிச்சத்தைக் கணக்கிடுவது. மணல் கண்ணாடியை மூடினால் ‘இருட்டாகிவிட்டது’ என்று கேமரா படத்தின் வெளிச்சத்தை ஏற்றும், கறுப்பு சாம்பலாகும். நீங்கள் கையால் ஒதுக்கியதும் உள்ளே இருக்கும் வெளிச்சம் முழுதாக அடிக்கும், கேமரா அதைக் குறைக்க ஒரு நொடி எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடி வெளுப்புத்தான் பார்ப்பவர் கண்ணைக் குத்துகிறது.

வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்ட வேண்டும். ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் `AE/AF LOCK` என்று வரும். அப்புறம் பக்கத்தில் தெரியும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தைத் திருத்தலாம். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் `Pro` என்ற முறையில் ISO, ஷட்டர், வெள்ளைச் சமநிலை மூன்றையும் கையால் வைக்கலாம்.

எந்த நிலையில் பூட்டுகிறீர்கள் என்பது முக்கியம். வெறும் கண்ணாடியைக் காட்டிப் பூட்டினால் கேமரா அந்த வெண்மையைச் சாம்பலாக்கிவிடும். மணல் எல்லாம் ஒரே கறுப்பாகப் போகும், இடைப்பட்ட பழுப்பு எதுவும் தெரியாது. கண்ணாடி முழுக்க மணல் இருக்கும்போது பூட்டினால், துடைத்த இடம் வெந்துபோன மாதிரி வெளுக்கும். ஆகவே பாதிக் கண்ணாடியை மணலால் மூடுங்கள். மீதிப் பாதியில் ஓரத்திலிருந்து மெல்லக் குறைந்துகொண்டே போகும்படி தூவுங்கள். மூடிய பகுதியில் விரலால் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் ஃபோகஸ் வைத்து, கண்ணாடி ஏறக்குறைய வெள்ளையாகவும் மெல்லிய தூவல் பழுப்பாகவும் தெரியும் இடத்தில் பூட்டுங்கள். விரல் கோடு எதற்கு என்றால், கண்ணாடி வெறுமையாகும்போது ஃபோகஸ் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் முன்னும் பின்னும் அலையும். மணலின் விளிம்பில் ஏற்கெனவே பூட்டியிருந்தால் அந்தப் பிரச்சினையே வராது.

அறிகுறி: திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. அடாப்டரில் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கேமரா நொடிக்கு 30 படம், ஷட்டர் 1/60 என்று இருந்தால் இரண்டும் ஒத்துவராமல் பட்டை ஓடும். நொடிக்கு 25 படம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று மாற்றுங்கள்.

அப்போதும் பட்டை போகவில்லை என்றால் டிம்மரைச் சந்தேகப்படுங்கள். பட்டை விளக்குக்கான டிம்மர் பெரும்பாலும் விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. அதை முழு வெளிச்சத்தில் வையுங்கள்; பட்டை மறைந்தால் காரணம் அதுதான். வெளிச்சம் அதிகம் என்று தோன்றினால், அக்ரிலிக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பரை விரித்துக் குறைத்துக்கொள்ளலாம். மின்வெட்டு வந்து இன்வெர்ட்டருக்கு மாறும்போது மட்டும் பட்டை வருகிறது என்றால், 12 வோல்ட் பட்டை விளக்கை ஒரு பேட்டரியிலேயே நேராக, நடுவில் ஃப்யூஸ் வைத்து, ஓட்டிவிடலாம். பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மட்டும் அப்படி இணைக்காதீர்கள். அப்போது வோல்டேஜ் 14-ஐத் தாண்டும், விளக்கின் ஆயுள் குறையும்.

அறிகுறி: துடைத்த பிறகும் பழைய படம் மங்கலாகத் தெரிகிறது

இது கண்ணாடியிலேயே இருக்கும் கோளாறு. மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும், மூன்றையும் விரலாலேயே பிரித்தறியலாம்.

மங்கல் இருக்கும் இடத்தை உலர்ந்த விரலால் தடவிப் பாருங்கள். விரலில் மாவு போல ஒட்டினால் அது மணலில் இருக்கும் தூசி. ஆற்று மணலை நன்றாக அலசாமல் எடுத்தால் இது கட்டாயம் வரும். நல்ல தண்ணீரில், தெளிந்த நீர் வரும்வரை திரும்பத் திரும்ப அலசி, துணியில் பரப்பி வெயிலில் காயவையுங்கள். அப்புறம் மைதா சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்கும் பருமணல் வேண்டாம், கீழே விழுந்ததுதான் வேண்டும். அதை மெல்லிய மல்துணியில் போட்டு இன்னொருமுறை குலுக்குங்கள். இந்தமுறை துணி வழியாகக் கீழே விழுவதைத் தள்ளிவிட்டு, துணியில் நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் சல்லடை பருமணலை நீக்குகிறது, இரண்டாவது தூசியை நீக்குகிறது. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுவார்கள். மங்கல் அங்கேதான் தொடங்குகிறது. கடல் மணல் எடுப்பவர்கள் இன்னும் பல தடவை அலச வேண்டும். உப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

விரலைப் பக்கத்தில் கொண்டுபோகும்போதே ஒற்றை ஒற்றை மணிகள் துள்ளினால், அது நிலைமின்சாரம். ஏ.சி. மண்டபத்தில், உலர்ந்த காற்றில், அக்ரிலிக் தகட்டின்மேல் நேராக வரைபவர்களுக்கு இது நிறைய வரும். மேலே கண்ணாடி போட்டால் பெருமளவு குறையும். நிகழ்ச்சிக்குக் கொஞ்ச நேரம் முன்பு கண்ணாடியை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, காயவிட்டு, அப்புறம் மணல் போடுங்கள். உலர்ந்த துணியால் பரபரவென்று தேய்த்தால் அதுவே மின்னேற்றத்தைக் கூட்டிவிடும்.

மங்கல் கை போன வழியில் மட்டும் பட்டையாக இருந்து, உள்ளங்கையிலும் மணல் ஒட்டியிருந்தால், அது வியர்வை. பருத்தித் துணி ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு கையைத் துடையுங்கள். முகப்பவுடர் போட வேண்டாம். அது கையை விட்டு மணலில் கலந்து, நீங்கள் கஷ்டப்பட்டு நீக்கிய தூசியைத் திரும்பவும் சேர்த்துவிடும்.

அறிகுறி: அடுத்த காட்சிக்கு இருட்டு வேண்டும், அந்தப் பக்கம் மணலே இல்லை

மணல் குறைவாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் ஒரு கிலோ கொட்டுவார்கள். பெரும்பாலும் அது நிலைமையை மோசமாக்கும். மணலின் அளவைவிட அது எங்கே கிடக்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

கணக்கு எளிது. கேமராவுக்குக் கண்ணாடி முழுவதையும் காட்டாதீர்கள். 72 செ.மீ. நீளம், 40.5 செ.மீ. அகலம் மட்டும் தெரியும்படி வையுங்கள். 16:9 சரியாக வரும். இரண்டு பக்கமும் 9 செ.மீ., மேலும் கீழும் பத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நான்கு புறமும் ஒரு கரை கிடைக்கும். மணலுக்கு அதுதான் சேமிப்புக் கிடங்கு. மெல்லிய மணல் ஒன்றரை மி.மீ. கனத்துக்குப் பரவினால் வெளிச்சம் ஏறக்குறைய முழுதாக மறையும். திரையில் தெரியும் பகுதியை அப்படி மூட சுமார் 650 கிராம் போதும். மேசை முழுவதற்கும் ஒன்றேகால் கிலோ வைத்துக்கொண்டால், காட்சி முழுவதும் வெளிச்சமாக இருக்கும் நேரத்தில் கரையில் மணல் மூன்று மி.மீ. உயரத்துக்குப் பரவிக் கிடக்கும். அசையாது, திரையில் எட்டிப் பார்க்காது. இதுவே மூன்று கிலோ போட்டால் கரையில் எட்டு மி.மீ. உயரும். கை பட்ட இடத்தில் குவிந்து, சரிந்து, படத்துக்குள் வந்து விழும்.

அளவு சரியாக இருந்தும் மணல் ஒரே பக்கம் சேர்கிறது என்றால், உங்கள் கையின் பழக்கத்தைப் பாருங்கள். வலக்கைக்காரர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் இடமிருந்து வலமாகவே துடைப்பார்கள். மூன்றாவது காட்சிக்குள் கிடங்கு முழுவதும் வலப்பக்கம் போய்விடும், இடப்பக்கம் காலி. இதற்கு ஒரு வழி உண்டு. காட்சிகளைத் தாளில் வரையும்போதே ஒவ்வொரு மாற்றத்தின் பக்கத்திலும் மணல் எந்தத் திசையில் போகிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு அம்புகள் ஒரே திசையில் இருந்தால் ஒன்றைத் திருப்புங்கள். அலை வலப்பக்கம் போனால் அடுத்த காட்சியின் காற்று வலப்பக்கத்திலிருந்து வரட்டும்.

அதே தாளில் இன்னொன்றையும் குறியுங்கள்: எந்தக் காட்சி வெளிச்சத் தரையில் கறுப்பாகத் தூவுவது, எது இருட்டுத் தரையில் விரலால் கீறி வெளிச்சம் எடுப்பது என்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் மாற்றத்துக்கு அரைக் கிலோ மணலுக்கு மேல் நகர வேண்டும். அது நேரம் பிடிக்கும். ஏழு நிமிட நிகழ்ச்சியில் அப்படிப்பட்ட தாவல் ஒன்றோ இரண்டோ போதும். மற்றவை ஒரே தரையில் தொடரட்டும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் அழித்துவிட்டு வரைவது மாதிரி இருக்கிறது

மணலும் கேமராவும் சரியாக இருந்தும் இது வரும். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடமும் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் மணிவிழா. குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும்: காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று நகரத்தார் வழிவழியாகச் சொல்லும் கதையில் தொடங்கி, பர்மாவுக்குப் போகும் கப்பல், அப்புறம் கட்டிய வீடு, கடைசியில் மணிவிழாத் தம்பதி. எங்கள் குழுவில் இருக்கும் தம்பி ஒத்திகையில் கப்பலை அழகாக வரைந்தார். கடலில் அலையடிப்பது போல ஒரே வீச்சில் துடைத்தார். வெறும் வெளிச்சம். அதில் வளவின் தூண்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். வீட்டு ஆச்சி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்கள்:

“தம்பி, கப்பல் நல்லா இருந்துச்சு. அது எங்க போச்சு?”

ஆச்சி கேட்டது சரியான கேள்வி. துடைத்த பிறகு வந்த நான்கு வினாடி வெறுமையில் கதை அறுந்துவிட்டது. பார்ப்பவர்கள் ஒரு படம் முடிந்தது, இன்னொன்று தொடங்குகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது அறுபடாமல் இருக்க, பழைய காட்சியில் இருக்கும் ஒரு வடிவம் புதிய காட்சியிலும் அதே இடத்தில், வேறு பொருளாக நிற்க வேண்டும். அதை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதைச் சுற்றித்தான் மற்றவற்றை மாற்ற வேண்டும்.

கப்பலில் அப்படி எது இருக்கிறது? இரண்டு பாய்மரங்கள். வளவில் எது நேராக நிற்கிறது? தூண்கள். அந்தத் தூண்கள் பர்மாத் தேக்கு. கடல் வழியாக வந்த மரம். வடிவமும் பொருந்துகிறது, கதையும் பொருந்துகிறது. இரண்டையும் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பாய்மரங்கள் வளவின் நடுத்தூண்கள் இரண்டின் இடத்தில் சரியாக விழும்படி கப்பலைக் கொஞ்சம் அகலப்படுத்தி வரைந்தோம்.

மாற்றம் நடக்கும் வரிசை இதுதான். முதலில் மரத்தையும் பாயையும் தொடுவதில்லை. வலக்கை, வலக்கரையிலிருந்து மணல் எடுத்து, தண்ணீர் மட்டத்தில் வலமிருந்து இடமாகத் தூவிக்கொண்டே போகிறது. கடல் கறுத்து உயர்கிறது, கப்பலின் அடிப்பாகம் அதற்குள் முழுகுகிறது. பார்ப்பவர் கண் வலக்கையோடு போய்க்கொண்டிருக்கும்போதே இடக்கைச் சுண்டுவிரலின் ஓரத்தால் பாய்களை ஒதுக்க வேண்டும். வெளியே தள்ளக்கூடாது, இரண்டு பக்கத்திலிருந்தும் மரத்தை நோக்கித் தள்ள வேண்டும். அப்போது பாயாக இருந்த மணலே மரத்தில் சேர்ந்து அதைத் தடிமனாக்கும். புது மணலும் வேண்டாம், மிச்ச மணலும் இல்லை. பாய் காணாமல் போகும் அதே கணத்தில் மரம் தூணாகிறது.

பாயைத் தாங்கியிருந்த குறுக்குக் கட்டையை இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் வெளிப்பக்கம் நீட்டினால் அது உத்தரம். இப்போது கடலாக இருந்த கறுப்பின் மேல் விளிம்பை உள்ளங்கை ஓரத்தால் ஒருமுறை சமன் செய்தால் உயர்ந்த மேடையான பட்டாலையின் விளிம்பு. அதற்கு மேல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தூண். கடைசியில் கறுப்புக்குள் நகத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறினால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை.

எட்டு வினாடிக்குள் முடிந்துவிடும். அந்த எட்டு வினாடியில் ஒருமுறைகூடத் திரை முழுதாக வெறுமையாவதில்லை. வரிசையை மாற்றிப் பாயை முதலில் எடுத்தால் மாற்றம் கெட்டுவிடும்: அடியில் கப்பலின் உடல் இருக்கும்போது மொட்டை மரம் மட்டும் நின்றால், உடைந்த கப்பல் என்றுதான் தெரியும். மணிவிழாவில் யாரும் அதைக் காட்ட விரும்ப மாட்டார்கள்.

உங்கள் கதையில் இப்படி இணையும் வடிவம் அகப்படவில்லை என்றால், காட்சியில் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒன்று வந்து துடைக்கட்டும்: மழை, காற்று, புழுதி, பழனிப் பாதயாத்திரைக் கூட்டத்தின் நிழல். கை துடைப்பதாகத் தெரியாமல் மழை துடைப்பதாகத் தெரிய வேண்டும். அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: துடைக்கும்போது மூன்றில் ஒரு பங்கு பழைய காட்சி நிற்கும்போதே புதியதன் முதல் கோட்டைப் போட்டுவிடுங்கள். 2009-ல் உக்ரைனின் தொலைக்காட்சித் திறன் போட்டியில் வென்ற க்சேனியா சிமோனோவாவின் நிகழ்ச்சியை ஒலியில்லாமல் பாருங்கள். இளம்பெண்ணின் முகம் முதிய முகமாகும் இடத்தில், எது நிற்கிறது, எது போகிறது என்று கைகளை மட்டும் கவனித்தால் இது தெளிவாகப் புரியும்.

சில்லறைச் சிக்கல்கள்

மணல் தூவும்போது கட்டி கட்டியாக விழுந்தால் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த வளவில் இது சாதாரணம். இரும்புச் சட்டியில் மணலைக் கிளறிச் சூடாக்கி, முழுதாக ஆறவிட்டு, மூடி இறுகும் டப்பாவில் கொண்டுபோங்கள். சூட்டோடு மேசையில் கொட்டினால் கண்ணாடியில் விரிசல் விழலாம்.

கோட்டின் ஓரம் சிதறி, மெல்லிய தூவல் நகர்ந்துகொண்டே இருந்தால் மின்விசிறி அல்லது வளவுக் காற்று. மேசை ஓரத்துச் சட்டத்தை ஐந்து செ.மீ.க்கு உயர்த்தினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மணல் கறுப்பாகத் தெரியாமல் மண் நிறத்திலேயே தெரிந்தால், மேலிருந்து வெளிச்சம் விழுகிறது. பகல் நிகழ்ச்சி என்றால் மேசையைத் திறந்த முற்றத்தின் பக்கத்தில் போடாமல் இரண்டாம் கட்டுக்குள் தள்ளுங்கள். மேடை விளக்குக்காரரிடம் மேசைக்கு மேலே இருக்கும் விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள்.

இசைக்குப் பின்னால் படம் வருகிறது என்றால் உங்கள் கை தாமதிக்கவில்லை. கேமராவிலிருந்து புரொஜெக்டருக்குப் போகும் வழியில் படம் கொஞ்சம் தாமதமாகிறது. கேமரா முன்னால் ஒருவரைக் கைதட்டச் சொல்லி, திரையில் கை சேர்வதையும் காதில் கேட்கும் ஓசையையும் ஒப்பிட்டால் எவ்வளவு என்று பிடிபடும். மாற்றத்தை அந்த அளவுக்கு முன்கூட்டியே தொடங்குங்கள். நிகழ்ச்சி முழுவதும் கண்ணாடியை மட்டும் பாருங்கள். திரையைப் பார்த்து வரைந்தால் தாமதம் கையிலும் சேர்ந்து இரட்டிப்பாகும்.